புது ஆளுக்கு ஒரு பில்லிங் அட்டை

மளிகைக் கடையில் புதிதாகச் சேர்ந்தவரைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைக்கும்போது, பல கடைக்காரர்கள் செய்வது ஒன்றுதான். சாஃப்ட்வேருடன் வரும் ஷார்ட்கட் பட்டியலை அச்செடுத்து, மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுகிறார்கள். அந்தப் பட்டியலில் F1 முதல் F12 வரை, பிறகு Alt, பிறகு Ctrl என்று எல்லாம் வரிசையாக இருக்கும். ஒருவர்கூட அதைப் பார்த்து பில் போடுவதில்லை. எதிரே வாடிக்கையாளர் பையைத் திறந்து நிற்கும்போது, "F7-க்கு என்ன வேலை?" என்ற கேள்வி யாருக்கும் எழாது. "எண்ணெய் வேண்டாம்னு சொல்றாங்களே, இப்ப என்ன செய்றது?" என்பதுதான் எழும். அட்டை இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இந்த அத்தியாயத்தில் டேலி பிரைமை எடுத்துக்கொள்கிறேன். சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவர்கள் நன்றாக அறிந்த சாஃப்ட்வேர் அது. அதில் கவுன்டர் பில்லுக்கென்று விற்பனை வவுச்சரை அமைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வேறு சாஃப்ட்வேர் வைத்திருப்பவர்களுக்கு விசைகள் மாறும். அட்டையை உருவாக்கும் முறை மாறாது.

முதலில் கவுன்டரைக் கவனியுங்கள்

அட்டை எழுதுவதற்கு முன் ஒரு நோட்டுடன் சாயங்கால நேரத்தில் கல்லாப் பக்கம் நில்லுங்கள். பழைய ஆள் பில் போடும்போது, கை எங்கே தயங்குகிறது, எதற்காக உங்களைத் திரும்பிப் பார்க்கிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் வாயிலிருந்து வரும் சொல்லையே எழுதுங்கள். மெனுவில் இருக்கும் சொல் உங்களுக்குத் தேவையில்லை. "பில் முடிக்கணும்", "ஒரு அயிட்டத்தைத் தூக்கணும்", "பாதி காசு, பாதி ஜிபே", "பேப்பர் தீர்ந்துடுச்சு, பில் வரலை". இப்படித்தான் வரும். எந்தக் கடையிலும் தினமும் திரும்பத் திரும்ப வருவது ஏழெட்டுச் சந்தர்ப்பம்தான். அதற்கு மேல் அட்டையில் இடம் கொடுக்காதீர்கள்.

அப்படி ஒரு கடைக்கு எழுதினால் அட்டை இப்படி வரும். இடப்பக்கம் சந்தர்ப்பம், வலப்பக்கம் விசை.

காலையில் முதல் பில்லுக்கு முன் — F2, இன்றைய தேதி, Enter

பில் திரை திறக்க — V, பிறகு F8

ஒரு பொருள் வேண்டாம் என்றால் — அந்த வரிக்குப் போய் Ctrl + D

பாதி காசு, பாதி UPI — Ctrl + H

பில் முடிக்க — பணம் வந்த வரியைப் பார்த்துவிட்டு Ctrl + A

பில் அச்சாகவில்லை — வெற்றுப் பில் திரையில் Page Up, பிறகு Ctrl + P

Quit? என்று கேட்டால் — N

பில் முடிந்த பிறகு தவறு தெரிந்தால், பொருள் திரும்பி வந்தால், பட்டியலில் பொருள் இல்லையென்றால் — எதையும் அழுத்தாமல் அண்ணாச்சியைக் கூப்பிடவும்

அவ்வளவுதான். கால்குலேட்டருக்கு Ctrl + N இருக்கிறது. கல்லா மேலேயே கால்குலேட்டர் இருப்பதால் அது அட்டையில் இல்லை. கொள்முதல், ரசீது, ஜர்னல் ஆகியவற்றுக்கும் விசைகள் உண்டு. அவை பில் போடுகிறவர் வேலை இல்லை. இனி இந்த வரிகள் ஏன் இப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்பதைப் பார்ப்போம். அது புரிந்தால்தான் உங்கள் கடைக்கு ஏற்ற அட்டையை நீங்களே எழுத முடியும்.

தேதி ஏன் முதல் வரி

டேலி தானாக இன்றைய தேதிக்கு வந்து நிற்பதில்லை. கடைசியாகப் போட்ட பில்லின் தேதியிலேயே நிற்கும். நேற்று இரவு கடையைச் சாத்திவிட்டு இன்று காலை திறந்தால், முதல் பில் நேற்றைய தேதியில் விழும். அதைத் தொடர்ந்து எல்லாமே நேற்றைய தேதியில் போகும். ராத்திரி கல்லாவை எண்ணும்போது, இன்றைய விற்பனை ஒன்றுமே இல்லை, நேற்றைய விற்பனை இரண்டு மடங்கு என்று காட்டும். இதைச் சரிசெய்ய ஒவ்வொரு பில்லாகத் திறந்து தேதி மாற்ற வேண்டியிருக்கும். எனவே F2 அட்டையின் தலையில் இருக்க வேண்டும்.

தேதியை அடிக்கும்போது நாளை மட்டும் அடித்தாலே போதும், மாதத்தை அது எடுத்துக்கொள்ளும். 14 என்று அடித்தால் நடப்பு மாதத்தின் 14. ஆனால் மாதம் பிறக்கும் முதல் நாளில் இது ஏமாற்றும். ஜூன் 30-க்குப் பிறகு வெறும் 1 என்று அடித்தால் அது ஜூன் 1-க்குப் போய்விடும். அன்றைக்கு 1-7 என்று மாதத்தையும் சேர்த்து அடிக்கச் சொல்லுங்கள். அட்டையில் இதற்கு ஒரு சின்னக் குறிப்புப் போதும்.

Esc என்ற பழக்கம்

புது ஆட்கள் அதிகம் தடுமாறுவது Esc விசையில்தான். செல்போனில் பின்னால் போகும் பட்டனை அழுத்திப் பழகியவர்கள், ஏதாவது தவறாகத் தெரிந்தால் உடனே Esc-ஐத் தட்டுகிறார்கள். பாதி பில்லில் இருக்கும்போது அதைத் தட்டினால், Quit? Yes or No என்று ஒரு சின்னப் பெட்டி வரும். கேள்வியைப் படிக்காமல் Enter அடித்தால் அதுவரை ஏற்றிய முழு பில்லும் போய்விடும். பதினைந்து சாமான் எடுத்து வைத்தவர், மறுபடியும் பையிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே எடுக்க வேண்டியதுதான்.

அதற்கு "Esc-ஐ அழுத்தாதே" என்று எழுதிப் பயன் இல்லை. கை போய்விடும். கை போன பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் எழுத வேண்டும். அதனால்தான் "Quit? என்று கேட்டால் — N" என்று இருக்கிறது. திரையில் ஆங்கிலத்தில் எப்படி வருகிறதோ அப்படியே அட்டையிலும் அச்சிடுங்கள். அந்த எழுத்துகளைப் பார்த்ததும் அட்டையில் அதே எழுத்துகள் கண்ணில் பட வேண்டும். மொழிபெயர்த்து எழுதினால் இரண்டும் ஒன்றுதான் என்று அவசரத்தில் பிடிபடாது.

ஸ்கேனரும் எண்ணிக்கைக் கட்டமும்

பார்கோடு ஸ்கேனர் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை இன்னொரு கீபோர்டுதான். பாக்கெட்டில் உள்ள எண்களை அடித்து, கடைசியில் Enter-ஐயும் தட்டிவிடுகிறது. கர்சர் எங்கே நிற்கிறதோ அங்கே அடிக்கும். பொருள் பெயர்க் கட்டத்தில் நின்றால் பொருள் வரும். முந்தைய பொருளின் எண்ணிக்கைக் கட்டத்தில் நின்றால், அந்த எண் முழுவதும் எண்ணிக்கையாக விழும்.

நம் நாட்டு பாக்கெட்டுகளில் பெரும்பாலும் 890-இல் தொடங்கும் 13 இலக்க எண் இருக்கும். அது எண்ணிக்கையில் விழுந்தால் மொத்தத் தொகை கோடிக்கணக்கில் ஓடும், யாருக்கும் தெரிந்துவிடும். பயப்பட வேண்டியது குறுங்குறியீடுகளைப் பற்றித்தான். சில கடைகளில் உதிரிப் பருப்புக்கும் காய்கறிக்கும் 105, 112 என்று தாங்களே எண் வைத்திருப்பார்கள். சோப்பை ஏற்றிவிட்டு, எண்ணிக்கைக் கட்டத்தில் நிற்கும்போதே அடுத்த பொருளுக்கு 105 என்று அடித்தால், 38 ரூபாய் சோப்பு 105 எண்ணிக்கை ஆகி 3,990 ரூபாய் ஆகும். மாதச் சாமான் வாங்குகிறவர் பில்லில் அது கலந்துவிட்டால் சட்டென்று தெரியாது.

இதற்கு ஷார்ட்கட் எதுவும் கிடையாது. ஆனால் அட்டையின் கீழே ஒரு வரி சேர்க்கலாம்: "கர்சர் பெயர்க் கட்டத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு ஸ்கேன்." விழுந்துவிட்டால் Backspace-ஐ அழுத்திப் பின்னால் வந்து எண்ணிக்கையைத் திருத்தலாம், அல்லது அந்த வரியை Ctrl + D கொடுத்து எடுத்துவிட்டுப் புதிதாக ஏற்றலாம். புது ஆளுக்கு இரண்டாவது வழி எளிது. கட்டத்துக்குக் கட்டம் திரும்பித் திரும்பிப் போவதில்தான் அவர்கள் இன்னும் குழம்புவார்கள்.

பணம் எந்த வரியில் விழுகிறது

Ctrl + A பில்லை எந்த இடத்திலிருந்தும் முடித்துவிடும். மிச்சக் கட்டங்களில் ஒவ்வொன்றாக Enter அடித்துப் போக வேண்டியதில்லை. வேகத்துக்கு இதைவிட நல்ல விசை கிடையாது. அந்த வேகத்தில்தான் கல்லாக் கணக்கும் உதைக்கும்.

ஓர் உதாரணம். பில் 640 ரூபாய். வாடிக்கையாளர் 500 ரூபாய் நோட்டைக் கொடுத்துவிட்டு மீதி 140-ஐ செல்போனில் அனுப்புகிறார். பில் திரை ரொக்க முறையில் இருக்கிறது. புது ஆள் மொத்தத்தைப் பார்த்ததும் Ctrl + A தட்டிவிடுகிறார். கணக்கில் 640-ம் ரொக்கமாக ஏறிவிட்டது. ராத்திரி கல்லாவை எண்ணினால் 140 குறையும். பேங்க் கணக்கிலோ யாருடையது என்று தெரியாத 140 வந்து கிடக்கும். பணம் எங்கேயும் போகவில்லை. ஆனால் கல்லாவில் குறைந்தால் முதலில் சந்தேகம் விழுவது புது ஆள் மேல்தான். சேர்ந்து நாலு நாள்கூட ஆகாத ஒருவருக்கு அந்தச் சந்தேகம் எவ்வளவு பெரிய அவமானம் என்பதை முதலாளிகள் நினைத்துப் பார்க்க வேண்டும். அட்டையில் ஒரு வரி சேர்த்தால் அதைத் தவிர்க்கலாம்.

Ctrl + H கொடுத்துப் பல வழிப் பணம் என்ற முறைக்கு மாற்றினால், பரிசுச் சீட்டு, கார்டு, காசோலை, ரொக்கம் என்று தனித்தனி வரிகள் திறக்கும். பல கடைகளில் UPI பணத்தைக் கார்டுக்கான வரியில், பேங்க் கணக்கைத் தேர்ந்தெடுத்துப் போடுகிறார்கள். உங்கள் கடையில் எந்த வரி என்பதைக் கணக்குப் பார்ப்பவரிடம் கேட்டு, அந்த வரியின் பெயரை அட்டையில் அச்சிடுங்கள். மேலே சொன்ன பில்லில் கார்டு வரியில் 140, ரொக்க வரியில் 500 நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகே Ctrl + A. அதனால்தான் அட்டையில் "பில் முடிக்க" என்பதோடு நிறுத்தாமல் "பணம் வந்த வரியைப் பார்த்துவிட்டு" என்று சேர்த்திருக்கிறது.

பேப்பர் தீர்ந்தால்

சேமித்ததும் பில் தானாக அச்சாகும்படி அமைத்திருந்தால் அச்சுக்கென்று தனி விசை தேவைப்படாது. ஆனால் ரோல் தீரும் நேரத்தில் பில் சேமிப்பில் ஏறியிருக்கும், காகிதம் வந்திருக்காது. "பில் விழலை" என்று நினைத்து, புது ஆள் எல்லாச் சாமானையும் மறுபடி ஏற்றிப் புது பில் போடுவார். இப்போது ஒரே விற்பனை இரண்டு முறை. கல்லாவில் குறையும் தொகை ஒரு பில்லின் மொத்தத்துக்குச் சரியாகப் பொருந்தினால் முதலில் இதைத்தான் தேட வேண்டும். டே புக்கைத் திறந்து, அடுத்தடுத்த எண்களில் ஒரே தொகை இருக்கிறதா என்று பாருங்கள்.

ரோலை மாற்றியதும், எதுவும் ஏற்றாத வெற்றுப் பில் திரையில் Page Up அழுத்தினால் கடைசியாகச் சேமித்த பில் வந்து நிற்கும். தொகையை வாடிக்கையாளரிடம் சொல்லி உறுதிசெய்துகொண்டு Ctrl + P. அச்சு வந்ததும் அந்தப் பில்லில் எதையும் தொடாமல் வெளியேறி, V, F8 என்று மறுபடி புது பில்லைத் திறக்க வேண்டும். அடுத்த வாடிக்கையாளரின் சாமானை ஏற்றத் தொடங்கிய பிறகு Page Up வேண்டாம். அதனால்தான் "வெற்று" என்ற சொல்லைத் தடித்த எழுத்தில் போடச் சொல்கிறேன்.

அட்டையில் வரக் கூடாதவை

இனி அட்டையில் இடம் கொடுக்கக் கூடாத இரண்டு விசைகள்: Alt + X, Alt + D. முதலாவது முடிந்த பில்லை ரத்து செய்கிறது. பில் எண் அப்படியே இருக்கும், தொகை போய்விடும், ரத்தானது என்ற குறியும் நிற்கும். இரண்டாவது பில்லையே அழித்துவிடுகிறது.

ஜிஎஸ்டி விதிப்படி பில் எண்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். பதிவுபெற்ற கடையின் ஜிஎஸ்டிஆர்-1 கணக்கில் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை பில் போட்டோம், எத்தனை ரத்தாயின என்று காட்டும் பகுதியும் உண்டு. ரத்து செய்தால் அங்கே நேராகக் காட்டிவிடலாம். அழித்தால் நடுவில் ஓர் ஓட்டை விழும். இதைவிட மோசமானது இன்னொன்று. தானாக எண் போடும் அமைப்பு எப்படி வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்து, 245-ஆம் பில்லை அழித்தால் 246-ஆக இருந்தது 245-ஆக மாறிவிடவும் கூடும். வாடிக்கையாளர் கையில் 246 என்று அச்சான காகிதம் இருக்கிறது. கம்ப்யூட்டரில் 246 வேறு யாருடைய பில்லோ. அவர் நாளைக்குப் பொருளைத் திருப்பிக் கொடுக்க வந்தால் அந்தப் பில்லைத் தேடியும் கிடைக்காது.

"Alt + D-ஐ அழுத்தாதீர்கள்" என்று சிவப்பில் போடலாமே என்று தோன்றும். வேண்டாம். பக்கத்திலேயே ஒரு வரியை எடுக்க Ctrl + D இருக்கிறது. இரண்டையும் ஒரே அட்டையில் பார்க்கிறவர் அவசரத்தில் எது எதற்கு என்று மறந்துவிடுவார். தெரியாத விசையைத் தெரியாமலேயே விடுவது நல்லது. அட்டை மட்டும் காவல் ஆகாது என்பதையும் மறக்க வேண்டாம். டேலியில் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் அமைத்து, புது ஆளின் கணக்குக்குப் பழைய பில்லைத் திருத்தவும் அழிக்கவும் அனுமதி இல்லாமல் செய்துவிடுங்கள். உங்கள் பாஸ்வேர்டை அட்டையின் பின்பக்கம் எழுதி வைக்கும் பழக்கம் இருந்தால் அதை இன்றே நிறுத்துங்கள்.

Alt + C-யையும் இதே காரணத்துக்காக விட்டிருக்கிறேன். பில் போடும்போதே புதுப் பொருளை உருவாக்கும் விசை அது. புது ஆள் கையில் அது இருந்தால் "துவரம் பருப்பு", "துவரம்பருப்பு", "து.பருப்பு 1 கிலோ" என்று ஒரே பொருள் மூன்றாகும். வரியும் தவறும். தராசில் நிறுத்துக் கொடுக்கும் உதிரிப் பருப்புக்கு ஜிஎஸ்டி இல்லை; லேபிளுடன் முன்கூட்டியே கட்டிய, 25 கிலோ வரையிலான பாக்கெட்டுக்கு 5 சதவீதம். இந்த வித்தியாசத்தை வாடிக்கையாளர் காத்திருக்கும்போது ஒருவர் முடிவு செய்ய முடியாது. கூப்பிடட்டும்.

அச்சிடுவதும் ஒட்டுவதும்

ஏ4 தாளில் பாதி அளவு போதும். சந்தர்ப்பம் தமிழில், விசை கீபோர்டில் எழுதியிருக்கும் ஆங்கில எழுத்திலேயே, அதைவிடப் பெரிதாக. "கன்ட்ரோல் ஏ" என்று தமிழில் எழுதினால் விசையைத் தேடும்போது கண் திணறும். இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டிய இடத்தில் + குறி, ஒன்றன்பின் ஒன்றாக அழுத்த வேண்டிய இடத்தில் காற்புள்ளி. இந்த வித்தியாசத்தை அட்டையின் மேலே ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். V-யையும் F8-ஐயும் சேர்த்து அழுத்திவிட்டு, ஒன்றும் நடக்கவில்லை என்று முழிப்பவர்கள் உண்டு.

லேப்டாப்பில் பில் போடுகிற கடையாக இருந்தால் இன்னொரு சிக்கல். பல லேப்டாப்புகளில் F2, F8 ஆகியவை ஒலி, வெளிச்சம் போன்ற வேலைகளுக்கு அமைந்திருக்கும். Fn விசையைச் சேர்த்து அழுத்தினால்தான் F8 ஆக வேலை செய்யும். உங்கள் லேப்டாப் அப்படிப்பட்டதென்றால் அட்டையிலும் Fn + F8 என்றே இருக்க வேண்டும்.

லேமினேட் செய்யும்போது மினுங்காத மேட் வகையைக் கேளுங்கள். பளபளப்பானது ட்யூப் லைட் வெளிச்சத்தில் எழுத்தை மறைத்துவிடும். ஒட்டும் இடம் மானிட்டரின் கீழ் விளிம்பு, கீபோர்டுக்கு மேலே. பக்கவாட்டுச் சுவரில் ஒட்டினால் ஒவ்வொரு முறையும் தலையைத் திருப்ப வேண்டியிருக்கும். அதைப் பார்த்து வாடிக்கையாளருக்கும் பொறுமை போகும்.

ஒட்டும் முன் சோதனை

அட்டையில் உள்ள ஒவ்வொரு விசையையும் உங்கள் கடைக் கம்ப்யூட்டரிலேயே அழுத்திப் பாருங்கள். இதற்கென்று TRAINING என்ற பெயரில் தனியாக ஒரு கம்பெனியை உருவாக்கி, பத்து இருபது பொருட்களை ஏற்றிக்கொள்ளுங்கள். பயிற்சி முடிந்ததும் அந்தக் கம்பெனியை மூடிவிட வேண்டும். இரண்டும் திறந்திருந்தால் உண்மையான விற்பனை பயிற்சிக் கணக்கில் போய் விழும்.

பிறகு புது ஆளிடம் அட்டையைக் கொடுங்கள், விளக்கம் எதுவும் சொல்லாதீர்கள். நீங்களே வாடிக்கையாளராக எதிரே நின்று ஐந்து சாமான் வைத்து, நடுவில் ஒன்று வேண்டாம் என்று சொல்லுங்கள். பணத்தைப் பாதி ரொக்கம், பாதி UPI என்று கொடுங்கள். அச்சு இயந்திரத்தை அணைத்து வையுங்கள். "தம்பி, பில் வரலையே?" என்று கேளுங்கள். அவர் அட்டையைப் பார்த்துத் தானாகவே Page Up-க்குப் போனால் அந்த வரி சரியாக இருக்கிறது. உங்களைத் திரும்பிப் பார்த்தால், அந்த வரியில் உள்ள ஏதோ ஒரு சொல் அவருக்குப் புரியவில்லை. எந்தச் சொல் என்று கேட்டு, அவர் சொல்லும் சொல்லைப் போட்டு மறுபடி அச்சிடுங்கள். லேமினேஷன் கடைசியில்தான்.

அட்டையின் மூலையில் அச்சிட்ட தேதியையும் சாஃப்ட்வேர் பதிப்பையும் சின்ன எழுத்தில் போடுங்கள். பதிப்பு மாறும்போது விசைகளும் மாறும். டேலி ஈஆர்பி 9-இல் கிரெடிட் நோட்டுக்கு Ctrl + F8 இருந்தது; டேலி பிரைமில் அது Alt + F6. சாஃப்ட்வேரைப் புதுப்பிக்க வருகிறவர் கிளம்புவதற்கு முன், அவரையே உட்கார வைத்து அட்டையில் உள்ள வரிகளை ஒவ்வொன்றாக அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். மாறியது ஒரு வரிதான் என்றாலும் அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டாமல் அட்டையைப் புதிதாக அச்சிடுங்கள். பழையதைக் கவுன்டரிலிருந்து எடுத்துவிடுங்கள்.